மூன்று டப்பாவும் ஒரு கப்பும்

அவருக்குத் தராசு என்று பேர் வைத்தது மாமனார் வீட்டார்தான். பேக்கரிக்காரர் என்றால் எடை போடத்தான் செய்வார். ஆனால் இவர் வீட்டில் டீ போடும்போதுகூட டீத்தூளை எடை போடுவார் என்று கட்டிக்கொண்டவளே போய்ப் பிறந்த வீட்டில் சொன்னால், அவர்கள் சும்மா விடுவார்களா? அன்றிலிருந்து முன்னால் போனால் ‘வாங்க’, முதுகு திரும்பினால் ‘தராசு’.

அதற்கெல்லாம் தராசு வருத்தப்படவில்லை. அவருடைய வருத்தம் வேறு. அவருடைய மாமனார் ஒரு நாளும் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. சின்ன மகள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட ஆள் என்ற கோபம் எப்போதோ ஆறிவிட்டது. பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார், கடைக்கு வந்தால் உட்கார்ந்து பேசினார். ஆனால் கூப்பிடும்போது மட்டும் ‘பேக்கரிக்காரரே’ என்பார். தையற்கடை வைத்திருந்த மனுஷன், வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே பேசிப் பழகியவர், சொல்லைச் சிக்கனமாகத்தான் விடுவார் என்று மனைவி சமாதானம் சொல்வாள். அந்தச் சிக்கனம் தன் விஷயத்தில் மட்டும் ஏன் என்று தராசுக்குக் குமையும்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. மாமனாரின் பிறந்தநாளுக்கு மருமகன் பேக்கரியிலிருந்து ஒரு கேக்கும் போகாது. பெரியக்கா செய்யும் அரிசி கேக்தான் வெட்டுவார்கள். பெரியக்கா என்பது மனைவியின் அக்கா. மைதாவும் வெண்ணெயும் பிசைந்து தட்டில் ஓடு மாதிரி பரப்பி, பாலில் குழைய வேகவைத்த அரிசியில் சர்க்கரையும் முட்டையும் கலந்து அதில் ஊற்றி, ஓவனில் வைத்து எடுப்பாள். மேலே தேன் நிறம், உள்ளே தளதளவென்று இருக்கும். தராசு ஒவ்வொரு வருஷமும் அதைச் சாப்பிட்டுவிட்டு, குறை கண்டுபிடிக்க முடியாமல் பேசாமல் கை கழுவப் போவார்.

இந்த வருஷம் பெரியக்கா மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. கட்டுப் போட்ட கையோடு அவள் போனில் அழாத குறையாகப் பேச, தங்கை, தன் புருஷனைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டாள்.

“அக்கா, கவலையை விடு. இவர் செஞ்சு தருவார். நீ அளவை மட்டும் சொல்லு.”

அளவு போனில் வந்தது. மைதா ரெண்டு கப். சர்க்கரை ரெண்டு கப். அரிசி ஒரு கப். பால் ஒரு லிட்டர், முட்டை நாலு, வெண்ணெய் ஒரு பாக்கெட். அவ்வளவுதான். மனைவி அதை பில் காகிதத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்து கடை மேஜையில் வைத்தாள்.

தராசு அதைப் பார்த்தார். “இதுல கிராம் எங்கே?”

“கப்னு போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?”

“கப்புங்கிறது அளவா? கொட்டாங்குச்சியும் கப்புதான்.”

“ஒரு கப்புன்னா இருநூத்தி நாப்பது மில்லி. எல்லாருக்கும் தெரியும். அப்போ மைதா நானூத்தி எண்பது கிராம், சர்க்கரை நானூத்தி எண்பது கிராம். இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு!”

தராசுக்கு உடம்பெல்லாம் இனித்தது. மனைவி தப்பாகச் சொல்லி, தான் திருத்தும் வாய்ப்பு அந்த வீட்டில் அமாவாசைக்கு ஒரு தரம் கூடக் கிடைக்காது. எலெக்ட்ரானிக் தராசை இழுத்து நடுவில் வைத்தார். இருநூற்று நாற்பது மில்லி அளவுக் கப்பை அதன்மேல் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். தண்ணீர் ஊற்றினார். இருநூற்று நாற்பது காட்டியது.

“பார்த்தியா? நீ சொன்னது தண்ணிக்குச் சரி. இப்ப இதைப் பாரு.”

தண்ணீரைக் கொட்டித் துடைத்து, மைதாவை ஸ்பூனால் அள்ளிப் பொலபொலவென்று போட்டு, கத்தியின் முதுகால் தலை தட்டி மட்டமாக்கினார். நூற்று இருபத்தைந்து. சர்க்கரை போட்டார். இருநூறு. அரிசி போட்டார். நூற்றுத் தொண்ணூறு.

“அதே கப்பு. அதே மட்டம். மாவுக்குள்ள பாதி காத்துதான் இருக்கு, அதனால கனம் இல்லை. சர்க்கரை நெருங்கி உட்காருது. அரிசி நடுவுல. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு கணக்கு. ஒரே நம்பரைப் போட்டுப் பெருக்கினா கேக் வராது, செங்கல்தான் வரும்.”

“சரி சரி, நோபல் பரிசு வரும்போது சொல்லுங்க, நல்ல புடவை கட்டிக்கிறேன்” என்று அவள் கல்லாவுக்குப் போய்விட்டாள்.

கணக்குப் போட்டார். மைதா இருநூற்றைம்பது. சர்க்கரை நானூறு. அரிசி நூற்றுத் தொண்ணூறு. பால், முட்டை, வெண்ணெய் எல்லாம் சொன்னபடி. ஒரு கிராம் பிசகாமல் எடை போட்டு, பெரியக்காவை மனசுக்குள்ளேயே கொஞ்சம் இளக்காரம் செய்துகொண்டு, தட்டை ஓவனுக்குள் தள்ளினார்.

வெளியே வந்தது என்னவென்று அவராலேயே சொல்ல முடியவில்லை. மைதா ஓடு வெண்ணெய் தாங்காமல் வழிந்து தட்டின் அடியில் குட்டையாகக் கிடந்தது. மேலே அரிசி, ஸ்பூனை நட்டால் நிற்கும்படி இறுகியிருந்தது. ஒரு வாய் வைத்தார். பல் கூசியது. அந்த நேரம் பார்த்து மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

“செங்கல்னு சொன்னீங்க. சுண்ணாம்பும் சேர்த்தே வந்திருக்கு போல.”

தராசு, தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு யோசித்தார். மாவு அள்ளும் விதத்தில் பிசகு இருக்கும். வீட்டில் யார் ஸ்பூனால் பொலபொலவென்று போடுகிறார்கள்? கப்பை மாவுக்குள் விட்டுக் குடைந்துதான் அள்ளுவார்கள். அப்படி அள்ளிப் பார்த்தார். அதே கப் நூற்றைம்பது பிடித்தது. ஆக மைதா முந்நூறு. மறுபடி செய்தார். ஓடு கொஞ்சம் நிமிர்ந்தது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. அரிசியும் சர்க்கரையும் அதே அட்டகாசம்.

அடுத்த யோசனை வந்தது. பெரியக்காவின் கப்பே சின்னதோ? கப் சின்னது என்று வைத்துக்கொண்டால் சர்க்கரை குறையும், அரிசி குறையும், இரண்டும் சரியாகிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் மைதாவும் அல்லவா குறையும்? குறைந்தால் ஓடு இன்னும் மோசமாக வழியும். சரி, கப் பெரியது என்று வைத்தால் ஓடு நிமிரும், உள்ளே இருப்பது கல்லாகும். கப்பில் அளந்ததெல்லாம் கப்போடு சேர்ந்து கூடிக் குறையும். பாலும் முட்டையும் வெண்ணெயும் அந்தக் கப்பைக் கண்டதே இல்லை, அவை அசையாமல் உட்கார்ந்திருக்கும். மைதா ‘கப் பெரியது’ என்று சாட்சி சொன்னது, சர்க்கரையும் அரிசியும் ‘கப் சின்னது’ என்று சாட்சி சொல்லின. ஒரே கப் ஒரே நேரத்தில் பெரியதாகவும் சின்னதாகவும் இருக்க முடியுமா?

போன் போட்டார்.

“அக்கா, நீங்க அளக்கிற கப் எவ்வளவு பெரிசு?”

“கப் அளவுதான் தம்பி.”

“இல்லக்கா, எத்தனை மில்லி?”

“மில்லியா? நான் என்ன மருந்தா கலக்குறேன்?”

“தலை தட்டி அளப்பீங்களா, குவிச்சு அளப்பீங்களா?”

“பார்க்க நல்லா இருக்கிற மாதிரி அளப்பேன்.”

போனை வைத்தவருக்கு ஒரே ஒரு விடைதான் தெரிந்தது. பெரியக்கா வேண்டுமென்றே மறைக்கிறாள். நாலு பேர் முன்னால் மருமகன் மூக்குடைபடட்டும் என்று அளவை மாற்றிச் சொல்லியிருக்கிறாள். நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்து, தராசைப் பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம் நேராக அவள் வீட்டுக்கே போய்விட்டார்.

பெரியக்கா சமையலறையில் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து எடைத் தராசு வெளியே வந்ததைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள்.

“என்ன தம்பி, என்னையே எடை போட வந்தீங்களா?”

“உங்க கப்பை எடை போட வந்தேன். காட்டுங்க அக்கா.”

“டப்பாவுலதான் இருக்கு. எடுத்துக்குங்க.”

தராசு மைதா டப்பாவைத் திறந்தார். மாவுக்குள் தலைகுப்புற ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர் புதைந்திருந்தது. ஆகா, பெரிய கப் என்று மைதா சொன்னது நிஜம்தான், இதுதான் அது! வெற்றிக் களிப்போடு அதை வெளியே எடுத்துச் சர்க்கரை டப்பா பக்கம் கொண்டு போனார்.

“அட, அதை எதுக்கு அங்கே கொண்டு போறீங்க?” என்றாள் பெரியக்கா. “அது மாவு கப்பு. சர்க்கரை கப்பு சர்க்கரை டப்பாவுல கிடக்கு.”

தராசு நின்றார். சர்க்கரை டப்பாவைத் திறந்தார். உள்ளே காது உடைந்த ஒரு குட்டிக் காபிக் கோப்பை. அரிசி டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரு பழைய பிளாஸ்கின் மூடி. மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார். தகப்பன், பிள்ளை, பேரன் மாதிரி மூன்று உயரத்தில் நின்றன.

“அக்கா, இதுல எது கப்பு?”

“எல்லாமே கப்புதான். மாவு டப்பாவுல இருக்கிறது மாவுக்குக் கப்பு, அரிசி டப்பாவுல இருக்கிறது அரிசிக்குக் கப்பு. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு உள்ளேயே கிடந்தா தேட வேண்டாம் பாருங்க. உங்க வீட்டுல எப்படி?”

தன் வீட்டிலும் அரிசி டப்பாவுக்குள் ஏதோ ஒரு டம்ளர் கிடக்கிறது என்பது அப்போதுதான் தராசுக்கு உறைத்தது. தினமும் கண்ணால் பார்ப்பதுதான். பேக்கரிக் கண்ணால் பார்த்ததில்லை. களவைப் பிடிக்க வந்தவர் அசடு வழியச் சிரித்தார். இந்த மனுஷியைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

பிறகு வேலையில் இறங்கினார். முதலில் சர்க்கரை. காது உடைந்த கோப்பையை வைத்துப் பூஜ்யமாக்கி, நிரப்பித் தலை தட்டினார். நூற்று இருபத்தெட்டு. மறுபடி, நூற்று இருபத்தேழு. சர்க்கரை பொய் சொல்லாது, எப்படிப் போட்டாலும் ஏறக்குறைய அதேதான். பிளாஸ்க் மூடியில் அரிசி நூற்று இருபது. அதிலும் பெரிய வம்பில்லை.

மைதாதான் படுத்தியது. அவர் அள்ளியபோது டம்ளர் நூற்று அறுபது பிடித்தது.

“தம்பி, அது என்ன, குழந்தைக்குப் பவுடர் போடுற மாதிரி அள்ளுறீங்க?” என்றாள் பெரியக்கா. “குடைஞ்சு அள்ளுங்க. இன்னும். ம், இப்ப டப்பா ஓரத்துல ரெண்டு தட்டு தட்டுங்க. தட்டினா இறங்கும், இறங்கின இடத்துல இன்னும் கொஞ்சம் போடுங்க. அப்புறம் விரலால வழிங்க.”

அவளுடைய வலது கை, கட்டுக்குள் இருந்தபடியே தலையணைமேல் லேசாகத் தட்டிக்காட்டியது. தராசு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு அள்ளினார். நூற்று எழுபத்தெட்டு. கொட்டிவிட்டு மறுபடி, நூற்று எண்பத்திரண்டு. இன்னொரு தரம், நூற்று எண்பது.

“நூத்தி எண்பதுன்னு வெச்சுக்கலாம்” என்றார். “அப்ப மைதா முந்நூத்தி அறுபது. சர்க்கரை இருநூத்தி அம்பத்தஞ்சு. அரிசி நூத்தி இருபது.”

சொல்லச் சொல்லவே அவர் கண்ணுக்குள் கேக் எழும்பி நின்றது. ஒரு பாக்கெட், அதாவது இருநூறு கிராம் வெண்ணெயைத் தாங்க முந்நூற்று அறுபது மாவு, சரி. ஒரு லிட்டர் பாலுக்கு நூற்று இருபது அரிசி, தளதளப்பு அங்கேதான் இருக்கிறது. இத்தனை வருஷம் கை கழுவப் போன காரணம் இப்போது மூன்று நம்பராக நின்றது.

பெரியக்கா மூன்று கப்பையும் இடது கையால் ஒன்றாக நகர்த்தினாள். பிறகு விளையாட்டாகச் சொல்வதுபோல, “அவ்வளவுதானா? மூணு நம்பருக்குள்ள அடைச்சுட்டீங்க. இனிமே பெரியக்கா எதுக்கு?” என்றாள். விளையாட்டு பாதிதான் என்பது குரலில் தெரிந்தது.

தராசுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று தெரியாது. தெரிந்ததைச் சொன்னார். “அக்கா, இந்த நம்பரைத் தேடி நான் ரெண்டு கேக்கைக் குப்பையில போட்டேன். உங்க டப்பா இல்லாம, நீங்க தட்டிக் காட்டாம கண்டுபிடிக்க முடியலை. உங்களைக் கேக்காம இதைக் கடையில போட மாட்டேன்.”

“போடாதீங்கன்னு சொன்னேனா? தாராளமா போடுங்க. பெரியக்கா கேக்குன்னு பேர் போட்டுப் போடுங்க. இல்லைன்னா அந்த டம்ளராலேயே மண்டையில ஒண்ணு போடுவேன்.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரியக்கா வீட்டுக் கூடத்தில் கேக் வந்து உட்கார்ந்தது. மேலே தேன் நிறம். கத்தி இறங்கியபோது ஓடு நறுக்கென்று விட்டுக்கொடுத்தது, உள்ளே தளதளத்தது. மாமனார் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். தராசு சுவரோரம், யாரும் பார்க்காத மாதிரி நின்றுகொண்டு அந்த வாயையே பார்த்தார்.

மாமனார் கண்ணைத் திறந்து பெரிய மகளைத் தேடினார்.

“ஏம்மா, ஒடிஞ்ச கையை வெச்சுக்கிட்டு இதை ஏன் செஞ்ச? யார் கேட்டா? கை கோணலாச் சேர்ந்தா என்ன பண்ணுவ?”

தராசுக்கு இது கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. கேக் கொஞ்சம் கெட்டுப்போயிருந்தாலாவது, இது பேக்கரிக்காரர் வேலை என்று தெரிந்திருக்கும். இவ்வளவு சரியாக வந்ததால் அவர் செய்ததே தெரியவில்லை. பெருமைப்படுவதா அழுவதா என்று புரியாமல், வழக்கம்போலக் கை கழுவப் புறப்பட்டார்.

“தம்பி, நில்லுங்க” என்றாள் பெரியக்கா. “அப்பா, நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இது இவர் செஞ்சது.”

மாமனார் கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பேக்கரிக்காரரா? இவர் கேக்கு இப்படி இருக்காதே.”

“ரெண்டு தடவை அப்படி வரலைதான்” என்று உள்ளே புகுந்தாள் சின்ன மகள். “ஊர் கப்பு கணக்குப் போட்டாரு, சுண்ணாம்பு செங்கல் எல்லாம் வந்துச்சு. அப்புறம் தராசைத் தூக்கிக்கிட்டு அக்கா வீட்டுக்கே வந்து, டப்பா டப்பாவாத் திறந்து, ஒவ்வொரு டப்பாவுல கிடக்கிற கப்பையும் தனித்தனியா எடை போட்டு, அக்கா எப்படித் தட்டுவாளோ அப்படியே தட்டி அளவு எடுத்துட்டுப் போனாரு.”

தராசு என்ற சொல்லை இப்போது முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. மாமனார் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, துணியின் தரத்தைப் பார்ப்பதுபோல அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“நேர்ல வந்து அளவு எடுத்தீங்களா?”

“ஆமாம் மாமா. போன்ல சொன்னது உதவலை.”

“போன்ல சொன்னா எப்படி உதவும்? என்கிட்ட எத்தனை பேர் வந்து, நாப்பது சைஸ் போடுவேன், அதே அளவுல தைச்சுக் குடுங்கம்பான். எந்தக் கடை நாப்பதுன்னு எனக்கு என்ன தெரியும்? ஆளை நிறுத்தி வெச்சு டேப்பைப் பிடிச்சாத்தான் உடம்பு தெரியும். தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கும், வயிறு முன்னால வந்திருக்கும். அதைப் பார்க்காம தைக்கிறவன் தையல்காரனே இல்லை.” மூச்சு வாங்கி நிறுத்தினார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பிறகு காலித் தட்டை எடுத்து நீட்டினார்.

“இன்னொரு துண்டு வைங்க, மாப்பிள்ளை.”

தராசு கத்தியை எடுத்தார். அவசரமாக வெட்டியதில் துண்டு கோணலாக விழுந்தது. ஒரு பக்கம் பெரிசு, ஒரு பக்கம் சிறிசு. எத்தனை கிராம் இருக்கும் என்று அவர் யோசிக்கவே இல்லை.